கருவாட்டு கடை பேஜுக்கு ஒரு பதிவேடு: போன மாசம் போட்ட கேப்ஷனும் இந்த மாசம் போடுற கேப்ஷனும் முட்டிக்காம இருக்க என்ன செய்யணும்

மண்டபம் பக்கம் ஒரு அக்காவோட கருவாட்டு கடைக்கு இன்ஸ்டா பேஜும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் நான்தான் பாக்குறேன். ஏப்ரல் பத்து பன்னண்டு தேதி வாக்குல ஒரு போஸ்ட் போட்டேன், "தடைக்காலம் வருது, இந்த ஸ்டாக் முடிஞ்சா இனி ஜூன் 15க்கு அப்புறம்தான் புது கருவாடு"ன்னு, நல்லா ஓடுச்சு, ஆர்டரும் வந்துச்சு. அப்புறம் மே மாசம் நடுவுல அக்கா நெத்திலி வீடியோ அனுப்புனாங்க, நானும் யோசிக்காம "இப்பதான் காஞ்சு வந்த புது நெத்திலி"ன்னு எழுதி தட்டி விட்டுட்டேன். ஒரு மணி நேரத்துல பரமக்குடியில இருந்து ஒரு கஸ்டமர் கமெண்ட்ல கேட்டாரு, தடைக்காலத்துல எந்த கடல்ல பிடிச்சீங்க, இல்ல ஏப்ரல்ல சொன்னது பொய்யான்னு.

இதுல கூத்து என்னன்னா ரெண்டுமே பொய் இல்ல. கிழக்கு கடற்கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடை இருக்குறது விசைப்படகுக்கு, நாட்டுப்படகும் கரைவலையும் அதுல வராது. அக்கா மே மாசம் போட்ட நெத்திலி கரைவலையில வந்தது. நான் ஏப்ரல்ல "விசைப்படகு மீன்ல போட்ட கருவாடு"ன்னு எல்லை கட்டி எழுதாம மொத்தமா "புது கருவாடு"ன்னு எழுதுனதுதான் வினை. அன்னைக்கு உக்காந்து ஆரம்பிச்ச ஷீட்டு இது, ரெண்டு சீசன் ஓட்டி பாத்து அடிச்சு திருத்தி இப்ப ஓரளவு ஒழுங்கா இருக்கு. எப்படி போடுறதுன்னு முழுசா சொல்றேன்.

முதல்ல, பதிவேட்டுல கேப்ஷன எழுதாதீங்க

எல்லாரும் பண்ற தப்பு இது, நானும் பண்ணேன். போட்ட கேப்ஷன் எல்லாத்தையும் காப்பி பண்ணி ஒரு ஷீட்டுல ஒட்டி வைக்கிறது. நாப்பது கேப்ஷன் சேந்ததும் அதுல எதையும் தேட முடியாது, தேடுனாலும் எது இன்னும் செல்லும் எது செத்துப்போச்சுன்னு தெரியாது. பதிவேட்டுக்குள்ள போக வேண்டியது கேப்ஷனுக்குள்ள இருக்கிற தனித்தனி வாக்கு. ஒரு வரிசைக்கு ஒரே ஒரு வாக்கு.

ஒரு கேப்ஷன உடைச்சு காட்டுறேன். "20 வருஷமா எங்க கைப்பக்குவம்! மண்ணுல போடாம பரண்ல காய வச்ச நெத்திலி, உப்பு மட்டும்தான், அரை கிலோ 320 ரூபா, இந்த வாரம் மட்டும் கூரியர் ஃப்ரீ." பாக்க ஒரே மூச்சுல சொன்ன மாதிரி இருக்கு, ஆனா உள்ள அஞ்சு வாக்கு இருக்கு. எத்தனை வருஷம், எங்க காய வச்சது, என்ன சேத்தது, என்ன விலை, கூரியர் எது வரைக்கும் ஃப்ரீ. அஞ்சுக்கும் ஆயுசு வேற வேற. விலை ஒரு மாசத்துல மாறும், கூரியர் ஒரு வாரத்துல முடியும், உப்பு மட்டும்ங்கிறது அக்கா செய்முறைய மாத்துற வரைக்கும் நிக்கும். அஞ்சையும் ஒரே வரிசையில வச்சா ஒண்ணு மாறும்போது மத்த நாலும் குழம்பிடும், அதனால அஞ்சு வரிசை.

ஷீட்டுல என்னென்ன காலம்

கூகுள் ஷீட் போதும், ஒன்பது காலம், அதாவது மேல இருந்து கீழ போற நெடுவரிசை. A எண், B பொருள் (நெத்திலி, வாளை, இல்லன்னா எல்லாத்துக்கும் பொதுவானதா இருந்தா "பொது"), C வகை, அதாவது கிளைமா ஆஃபரா தேதியா, D வாசகம், E எல்லை, F தொடக்க தேதி, G முடிவு தேதி, H ஓகே சொன்னது யாரு எப்ப எதுல, I இத எங்கெங்க போட்டிருக்கோம்.

D, E, H மூணையும் பத்தி மட்டும் நிதானமா சொல்லணும், மத்தது பேர பாத்தாலே புரியும்.

D காலத்துல எழுதுற வாசகம் அப்படியே கேப்ஷனுக்குள்ள போற வாசகமா இருக்கணும். "பரண் விஷயம்"னு குறிச்சு வச்சா மூணு மாசம் கழிச்சு நானே அத "துளி மண்ணு இருக்காது"ன்னு எழுதிடுவேன், எழுதியும் இருக்கேன். "வலை விரிச்ச பரண்ல காய வச்சது"ங்கிறது நாங்க செய்ற வேலை, வீடியோ இருக்கு, யாரு கேட்டாலும் காட்டலாம். "துளி மண்ணு இருக்காது"ங்கிறது கஸ்டமர் வீட்டு சட்டிக்குள்ள நடக்கப்போறதுக்கு நாங்க குடுக்குற உத்தரவாதம், கடற்கரையில இருந்துகிட்டு எந்த தைரியத்துல அத சொல்றது. அதனால D காலத்துல சொல்ற வாசகத்த எழுதி, அதே கட்டத்துல கீழ் வரியில "இப்படி சொல்லாதே"ன்னு ஒண்ணும் எழுதி வைப்பேன்.

அந்த "சொல்லாதே" வரியில எங்க கடைக்கு நிரந்தரமா ஒக்காந்திருக்கிற வார்த்தை "ஃப்ரெஷ்". உணவு பாதுகாப்ப பாக்குற மத்திய அரசு அமைப்பு FSSAI போட்ட 2018ஆம் வருஷ விளம்பர விதிமுறையில ஃப்ரெஷ்ங்கிற சொல்லு கழுவுறது, உரிக்கிறது, குளிர வைக்கிறது, வெட்டுறது இந்த மாதிரி வேலைய தாண்டி பதப்படுத்தாத பொருளுக்குத்தான். உப்பு போட்டு காய வச்ச கருவாடு அதுக்குள்ள வராது. "புதுசா காஞ்சது, காஞ்ச தேதி இது"ன்னு எழுதுறோம், அது இன்னும் நல்லாவும் இருக்கு. சுகருக்கு நல்லது, மூட்டு வலிக்கு நல்லதுன்னு யாராச்சும் கமெண்ட்ல எழுதுனா லைக் போட்டுட்டு போயிடுங்க, அத எடுத்து கேப்ஷன்ல வைக்காதீங்க.

E காலம் எல்லை. இதுதான் மொத்த ஷீட்டுக்கும் உசுரு. எந்த பொருளுக்கு, எந்த லாட்டுக்கு, எந்த ஊருக்கு, எந்த எடைக்கு இந்த வாக்கு செல்லும்னு எழுதணும். பரண்ல காய வச்சதுங்கிற வாக்கு எங்க சொந்த லாட்டுக்கு உண்மை. ஐப்பசி கார்த்திகையில மழை புடிச்சா பரண்ல எதுவும் காயாது, அப்ப அக்கா தெரிஞ்ச வியாபாரிகிட்ட வாங்கி விப்பாங்க, அவரு எங்க காய வச்சாருன்னு நாங்க பாக்கல. அதனால E காலத்துல "சொந்த லாட்டு மட்டும், வெளியில வாங்குனதுக்கு கிடையாது"ன்னு இருக்கு. இந்த ஒரு வரி இல்லன்னா நவம்பர்ல போடுற ஒவ்வொரு கேப்ஷனும் பொய்யாயிடும், அதுவும் போட்டவனுக்கே தெரியாம.

H காலம், ஓகே. எங்க ஊர்ல ஓகேங்கிறது வாட்ஸ்அப் வாய்ஸ்லதான் வரும், பின்னாடி காத்து சத்தமும் கோழி சத்தமும் சேந்து. "தம்பி, அறுபது ரூவா கொறச்சு போட்டுவிடு"ன்னு ஒரு வாய்ஸ். அரை கிலோவுக்கா ஒரு கிலோவுக்கா? நான் என்ன பண்ணுவேன்னா கேட்டத எழுத்துல திருப்பி அனுப்புவேன், "அக்கா, நெத்திலி ஒரு கிலோ 640ல இருந்து 580, நாளைக்கு 10ஆம் தேதில இருந்து 15ஆம் தேதி ராத்திரி வரைக்கும், அரை கிலோ விலையில மாத்தம் இல்ல, சரியா?" அதுக்கு அவங்க "ம்"னு ஒரு எழுத்து போட்டாலும் அதுதான் ஓகே. அந்த மெசேஜ ஸ்டார் பண்ணி வச்சுட்டு H காலத்துல "அக்கா, வாட்ஸ்அப், தேதி, நேரம்"னு எழுதுவேன். சாட்டுல மெசேஜ் தானா அழியுற செட்டிங் ஆன்ல இருந்தா மொதல்ல அத ஆஃப் பண்ணுங்க, எனக்கு ஒரு மாச ஓகே அப்படித்தான் காணாம போச்சு. அக்கா பையன் சொன்னான், மச்சான் சொன்னாருங்கிறதெல்லாம் H காலத்துல ஏறாது, விலைய சொல்றதுக்கு ஒரே ஆளுதான்னு ஆரம்பத்துலயே பேசி வச்சுக்கோங்க.

தேதிய எழுதுறதுல இருக்கிற சிக்கல்

ஷீட்ட திறந்ததும் மொதல் வேலையா `File > Settings`ல போய் `Locale`ங்கிறத `India`ன்னு மாத்துங்க. அது அமெரிக்காவுல இருந்தா நீங்க 04/06னு ஜூன் நாலாம் தேதிய அடிச்சா அது ஏப்ரல் ஆறுன்னு எடுத்துக்கும், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, ஃபார்முலா மட்டும் தப்பு தப்பா காட்டும். தேதி கட்டத்துல எழுத்து இடது பக்கம் ஒட்டி நின்னா ஷீட்டு அத தேதியாவே எடுத்துக்கலன்னு அர்த்தம், திரும்ப அடிங்க.

அப்புறம் வார்த்தை. இன்னைக்கு, நாளைக்கு, இந்த வாரம், இந்த சீசன், இது எதுவும் D காலத்துல வரக்கூடாது. ஏன்னா நீங்க திங்கக்கிழமை போட்ட போஸ்ட்ட இன்ஸ்டா ஒருத்தருக்கு வியாழக்கிழமை காட்டும், அவருக்கு "இன்னைக்கு மட்டும்"னா வியாழக்கிழமைதான். தேதி, மாசம், வருஷம், மூணும் போடுங்க. வருஷம் எதுக்குன்னா போன வருஷ ரீல் திடீர்னு இந்த வருஷம் ஓட ஆரம்பிக்கும், எங்களுக்கு நடந்திருக்கு, பழைய கூரியர் ஃப்ரீ ஆஃபர கேட்டு இருபது பேரு.

"15 வரைக்கும்"னாலும் சண்டைதான், 15 சேத்தியா இல்லையா. நாங்க ஷீட்டுல G காலத்துல போடுற தேதி எப்பவும் அந்த நாளும் சேந்ததுன்னு முடிவு பண்ணிட்டோம், கேப்ஷன்ல "15ஆம் தேதி ராத்திரி 12 மணி வரைக்கும்"னு எழுதுறோம்.

பெருநாள் ஆஃபர்ல இன்னொரு கண்ணி இருக்கு. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் எங்களுக்கு கஸ்டமர் நிறைய, "பெருநாள் வரைக்கும்"னு போட்டா நல்லாத்தான் இருக்கும், ஆனா பெருநாள் பிறை பாத்துத்தானே முடிவாகும், ஒரு நாள் முன்ன பின்ன போகும். G காலத்துல எந்த தேதிய போடுவீங்க? அதனால பெருநாள் பேர சொல்லி வாழ்த்துங்க, ஆஃபர் முடியுற நாள மட்டும் காலண்டர் தேதியில கட்டிடுங்க. தடைக்காலத்துக்கு அந்த பிரச்சினை இல்ல, அது தேதி தெரிஞ்சது. ஆனா ஜூன் 15 காலையில படகு கெளம்புனா அன்னைக்கே கருவாடு வராது, மீன் வந்து, உப்பு புடிச்சு, வெயில்ல காஞ்சு, சல்லடையில சலிச்சு வரணும். அதனால "ஜூன் 15ல இருந்து படகு போகும்"ங்கிறது ஒரு வரிசை, "புது லாட்டு எப்ப விக்கும்"ங்கிறது வேற வரிசை, ரெண்டாவதுக்கு அக்கா லாட்ட கண்ணால பாத்து சொல்ற வரைக்கும் F காலத்துல தேதி ஏறாது, தேதி ஏறாத வரிசைய கேப்ஷன்ல எடுக்கக்கூடாது.

பழசையெல்லாம் உள்ள ஏத்துறது

புதுசா ஆரம்பிக்கிறவங்க மூணு வருஷ போஸ்ட்டையும் தோண்ட வேணாம், நடக்காது, பாதியில விட்டுருவீங்க. இப்ப கஸ்டமர் கண்ணுல படுற இடத்துல இருந்து ஆரம்பிங்க. பேஜ் பயோ, மேல பின் பண்ணி வச்சிருக்கிற போஸ்ட், ஹைலைட், வாட்ஸ்அப் கேட்லாக், கடை போர்டு, பாக்கெட் ஸ்டிக்கர். இதுல இருக்கிற ஒவ்வொரு வாக்கையும் வரிசையா எழுதிட்டு அக்காகிட்ட ஒரு சாயங்காலம் ஒக்காந்து ஒண்ணொண்ணா கேட்டேன். அப்பவே மூணு முட்டல் வந்துச்சு. அதுல ஒண்ணு, பயோவுல "20 வருஷமா", போர்டுல "25 வருட பாரம்பரியம்".

"எதுக்கா சரி?"

"அம்மா வித்த காலத்த சேத்தா இருவத்தஞ்சுக்கு மேல போகும் தம்பி. கடைன்னு போர்டு மாட்டுனது 2011லதான்."

இதுல இருந்து ஒரு பழக்கம் வந்துச்சு. எத்தனை வருஷம்னு ஷீட்டுல எழுதவே கூடாது, தொடங்குன வருஷத்த எழுதணும். "கடை தொடங்குனது 2011"ங்கிறது என்னைக்கும் மாறாது, "14 வருஷமா"ங்கிறது அடுத்த வருஷமே தப்பு. அம்மா கதைய சொல்லணும்னா "அம்மா காலத்துல இருந்து"ன்னு மட்டும், நம்பர் இல்லாம.

அதுக்கப்புறம் கடைசி ஆறு மாச போஸ்ட்ட மட்டும் மேலோட்டமா ஓட்டி பாத்தேன், விலை, ஆஃபர், தேதி இருக்கிறத மட்டும். அழிஞ்சு போன ஸ்டோரி எல்லாம் ஆர்கைவ்ல இருக்கும், ஆனா யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டு அதையும் சேத்துக்கோங்க.

கேப்ஷன் எழுதுற நேரத்துல

எழுதுற தேதிய பாக்கக்கூடாது, போஸ்ட் வெளிய போற தேதிய பாக்கணும். ஞாயித்துக்கிழமை ஒக்காந்து வாரத்துக்கே எழுதி டைம் வச்சு விடுறவங்களுக்கு இதுதான் பெரிய குழி, எழுதுறப்ப உயிரோட இருந்த ஆஃபர் போஸ்ட் போற அன்னைக்கு முடிஞ்சிருக்கும். அதுக்கு ரெண்டாவது டேப் ஒண்ணு வச்சிருக்கேன். முதல் டேப் பேரு Log. ரெண்டாவது டேப்புல B1ல பொருள் பேரு, B2ல போஸ்ட் போற தேதி, A4ல இந்த ஃபார்முலா:

```
=FILTER(Log!A2:I,
 (Log!B2:B=B1)+(Log!B2:B="பொது"),
 Log!F2:F<>"", Log!F2:F<=B2,
 (Log!G2:G="")+(Log!G2:G>=B2))
```

அந்த பொருளுக்கு, அந்த தேதியில செல்லுற வாக்கு மட்டும் கீழ வந்து நிக்கும். முடிவு தேதி காலியா இருந்தா இன்னும் செல்லும்னு எடுத்துக்கும், தொடக்க தேதி காலியா இருந்தா காட்டாது. `#N/A`ன்னு வந்தா பயப்படாதீங்க, அந்த தேதிக்கு சொல்றதுக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம், இல்லன்னா பொருள் பேர ஒரு இடத்துல "நெத்திலி"ன்னும் இன்னொரு இடத்துல "நெத்திலி கருவாடு"ன்னும் அடிச்சிருப்பீங்க. பேர டிராப் டவுன்ல வச்சுட்டா அந்த வம்பு இல்ல.

வந்து நிக்கிற வரிசைய மட்டும் வச்சு எழுதுங்க, வாசகத்த சுத்தி என்ன ஜோடனை வேணும்னாலும் பண்ணிக்கோங்க, வாசகத்த தொடாதீங்க. டிராஃப்ட்டுக்கு கீழ எந்தெந்த எண் எடுத்தோம்னு "4, 9, 14"ன்னு குறிச்சு வச்சு, போஸ்ட் போனதும் அந்த வரிசைகளோட I காலத்துல தேதியும் இடமும் ஏத்திடுங்க. இது சலிப்பான வேலை, இத விட்டுட்டா அடுத்த கட்டம் நடக்காது.

விலை மாறுற அன்னைக்கு

அக்கா ஜூன் கடைசியில சொன்னாங்க, ஜூலை 1ல இருந்து நெத்திலி அரை கிலோ 320 இல்ல, 360ன்னு. இந்த இடத்துல கை தானா அந்த விலை இருக்கிற 14ஆம் வரிசையில போய் 320 மேல 360ன்னு அடிக்கும். அடிக்காதீங்க. அப்படி அடிச்சா ஜூன் 28 ராத்திரி 320ன்னு பாத்து பணம் போட்டவரு கேக்கும்போது உங்ககிட்ட ஒரு ரெக்கார்டும் இருக்காது. 14ஆம் வரிசையில G காலத்துல ஜூன் 30ன்னு முடிச்சுட்டு, கீழ புதுசா 27ஆம் வரிசை, 360, F காலத்துல ஜூலை 1, E காலத்துல "ஜூன் 30 ராத்திரி வரைக்கும் பணம் கட்டுனவங்களுக்கு 320தான்". அந்த கடைசி வரி அக்காகிட்ட கேட்டு வாங்குனது, நான் கேக்கலன்னா அவங்களும் யோசிச்சிருக்க மாட்டாங்க.

அப்புறம் 14ஆம் வரிசையோட I காலத்த பாத்தேன். பின் பண்ண போஸ்ட், ஹைலைட், கேட்லாக், ரெண்டு ரீல். போஸ்ட் கேப்ஷன எடிட் பண்ணிட்டேன், கேட்லாக்ல விலை மாத்திட்டேன், ஹைலைட்ட எடுத்துட்டேன். ஒரு ரீல்லயும் கேப்ஷன்லதான் விலை, அது ஈஸி. இன்னொரு ரீல்ல வீடியோ மேலயே பெருசா மஞ்சள் எழுத்துல "₹320 மட்டுமே"ன்னு போட்டு வச்சிருந்தேன், போட்ட வீடியோவ மாத்த முடியாது, நாப்பதாயிரம் பேரு பாத்தது, அழிக்கவும் மனசு வரல. கேப்ஷன் மொதல் வரியில "ஜூலை 1 முதல் விலை 360"ன்னு போட்டு அதையே கமெண்ட்லயும் பின் பண்ணேன், அப்பவும் ஆளு கேட்டுகிட்டேதான் இருந்தாங்க, கடைசியில ஆர்கைவ் பண்ணிட்டேன். அன்னையில இருந்து G காலத்துல தேதி ஏறக்கூடிய எதையும் வீடியோ மேல எழுதுறதில்ல. உப்பு மட்டும், பரண்ல காஞ்சது, மண்டபம், இதெல்லாம் வீடியோ மேல. விலை, தேதி, ஃப்ரீ எல்லாம் கேப்ஷன்ல.

"கடைசி நாள்"னு எழுதுறதுக்கு முன்னாடி

ஆஃபர் வரிசைக்கு மட்டும் E காலத்துல இன்னொரு கேள்விக்கும் பதில் வேணும், இத நீட்டிப்பீங்களா மாட்டீங்களா. அக்கா நீட்டிக்கலாம்னு சொன்னா "கடைசி நாள்", "இனி கிடைக்காது"ங்கிற வார்த்தைகள் அந்த ஆஃபருக்கு கிடையாது, "15ஆம் தேதி ராத்திரி வரைக்கும்"னு மட்டும். ஏன்னா 15ஆம் தேதி கடைசின்னு நம்பி கடன் வாங்கி மூணு கிலோ ஆர்டர் போட்டவங்க 16ஆம் தேதி "மக்களின் விருப்பத்திற்கிணங்க நீட்டிப்பு"ங்கிற போஸ்ட்ட பாத்தா அடுத்த தடவை நம்ம கடைசி நாள கடைசி நாளா நம்ப மாட்டாங்க. நீட்டிக்க மாட்டோம்னு சொல்லி வரிசை ஏத்திட்டா, பாதி ஸ்டாக் மிஞ்சுனாலும் நீட்டிக்க வேணாம், பேரும் பொருளும் மாத்தி வேற ஆஃபரா ஒரு வாரம் கழிச்சு கொண்டு வாங்க.

ஸ்டாக் அளவையும் அதே கட்டத்துல எழுதி வைங்க. 2022ல வந்த தவறான விளம்பரத்த தடுக்குற மத்திய அரசு வழிகாட்டுதல்ல, சொன்ன விலைக்கு பொருள குடுக்க முடியும்னு நியாயமான வாய்ப்பு இல்லாம ஆள இழுக்குற விளம்பரம் போடக்கூடாதுன்னு இருக்கு. 12 கிலோ வாளையை வச்சுகிட்டு ஆஃபர் போட்டா "12 கிலோ மட்டும்"னு கேப்ஷன்லயே சொல்லிடுங்க. "தமிழ்நாடு முழுக்க கூரியர் ஃப்ரீ"ன்னு மேல போட்டுட்டு கீழ சின்ன எழுத்துல "ஒரு கிலோவுக்கு மேல"ன்னு போடுறதும் அதே வழிகாட்டுதல் படி ஆகாது, கீழ போடுற நிபந்தனை மேல சொன்னத மறுக்கக்கூடாது. D காலத்து வாசகமே "ஒரு கிலோவுக்கு மேல வாங்குனா தமிழ்நாட்டுக்குள்ள கூரியர் ஃப்ரீ"ன்னு இருக்கட்டும்.

வாரத்துக்கு ஒரு தடவை

சனிக்கிழமை ராத்திரி பத்து நிமிஷம். மூணாவது டேப்புல அடுத்த ஏழு நாள்ல முடியப்போற வரிசைய மட்டும் எடுக்குறேன்:

```
=FILTER(Log!A2:I, Log!G2:G>=TODAY(), Log!G2:G<=TODAY()+7)
```

வர்றத அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அக்காவுக்கு அனுப்புவேன், முடிக்கவா, புதுசா ஏத்தவா. பதில் ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள வரலன்னா அந்த வாக்கு முடிஞ்சதாத்தான் கணக்கு, அடுத்த வாரத்து கேப்ஷன்ல எடுக்க மாட்டேன். போன வாரம் வாளை கூரியர் ஆஃபருக்கு பதில் வரல, நான் எடுத்துட்டேன், திங்கக்கிழமை காலையில போன்.

"ஏன் தம்பி ஆஃபர காணோம்?"

"நீங்க ம்னு போடலையேக்கா."

"கோயிலுக்கு போயிருந்தேன்டா... சரி போடு, 30 வரைக்கும். ம்."

41ஆம் வரிசை ஏத்தியாச்சு.